பக்ருன்னிசாவுக்கு வந்த மசக்கை

பக்ருன்னிசா ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லக்கூடியவர்கள் ஆம்பூரில் அதிகம் பேர் கிடையாது. சோறு வடிக்கும் நேரத்துக்குள் கிணற்றடிக்குப் போய்க் கோழியை விரட்டுவாள், திரும்பி வந்து உலையைப் பார்ப்பாள், அதற்குள் கொடியில் கிடக்கும் துணி ஞாபகத்துக்கு வந்துவிடும். கால்களில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் தாய் அக்தரி பேகம் போவோர் வருவோரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வாள். குறைப்படுகிறவள் முன்கூடத்துப் பாயை விட்டு எழுந்திருப்பது அபூர்வம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

வாணியம்பாடியில் முனீர் அகமதுவுக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளை இல்லாமல், முப்பது வயது ஆவதற்குள் அவரைப் பறிகொடுத்துத் தாய்வீடு வந்து சேர்ந்தவள் பக்ரு. முனீர் கரி போட்டுச் சுண்ணாம்பு சுடும் காளவாய் வைத்திருந்தார். தோலில் உள்ள மயிரைக் கழிக்கச் சுண்ணாம்பு இல்லாமல் முடியாது என்பதால் அந்தப் பக்கத்துத் தோல் கிடங்குகளுக்கெல்லாம் அவரிடமிருந்துதான் வண்டி போகும். அவர் போன பிறகு காளவாய் கைமாறிவிட்டது. பக்ரு ஆம்பூருக்கு வந்து தம்பி நயீம் அகமதுவின் வீட்டுச் சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டாள். விதவையாகி வந்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு இடம் வேண்டுமென்றால் அதை அவளேதான் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றால் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

நயீமுக்குத் தோல் மண்டி. ஜெர்மன் சண்டையின்போது பூட்ஸ் தோலுக்கு வந்த கிராக்கியில் நாலு காசு கையில் புரண்டதும் எல்லோரையும்போல அவனும் வீட்டைத்தான் மாற்றினான். சமையலறைக்கு மேல் இருந்த நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு, செங்கல்லும் சுண்ணாம்புமாக மச்சு போட்டான். பழைய ஓட்டில் மழை ஒழுகும், எலி ஓடும். ஆனால் ஓட்டுக்கு ஓடு நடுவில் இருந்த இடுக்கெல்லாம் புகைக்கு வழி என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மச்சு ஒழுகவில்லை. புகையும் போகவில்லை. மிச்சமிருந்தது சந்துப் பக்கம் திறக்கும் ஒரே ஜன்னல்.

அந்த ஜன்னலுக்கும் வினை வந்தது. அடுத்த வீட்டு இஷ்தியாக் அகமது, தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வியாபாரி, தானும் சளைத்தவன் இல்லை என்று மாடி எடுத்தார். மாடி வராந்தாவில் நின்றால் நேராக இந்த வீட்டு அடுப்பு தெரிகிறது. அடுப்பு தெரிந்தால் அடுப்பில் நிற்கிற பெண்ணும் தெரிவாள். அக்தரி பேகம் ஆள் மேல் ஆள் அனுப்பினாள். இஷ்தியாக் பாய், தன் வீட்டு வராந்தாவில் தான் நிற்கக்கூடாதா என்று பதில் அனுப்பினார். பேச்சு தடித்து இரண்டு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் நின்றுபோயிற்று. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் கொத்தனார் துளசிங்கத்தைக் கூப்பிட்டு, ஜன்னலைச் சட்டத்தோடு பேர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கல் இடைவெளியில்லாமல் வைக்கிறானா என்று மேற்பார்வை பார்த்தது பக்ருதான். அவளுக்கும் மானம் பெரிதுதானே.

அடைத்த மறுநாளே வீடு முழுக்கப் புகை. விறகு ஈரம் வேறு. அடுப்பு மூட்டினால் கண் எரிந்து, மூக்கு ஒழுகி, முன்கூடம் வரை எல்லோரும் இருமினார்கள். அக்தரி பேகம் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பக்ருவுக்கு அந்த யோசனை உதித்தது.

"விறகு வேணாம்மா. கரி வாங்கிப் போட்டுடலாம். கரி புகையாது. சாமானும் கறுக்காது."

மலையடிவாரத்திலிருந்து கரி மூட்டை வந்தது. அடுப்பில் கரி கணகணவென்று கனிந்தது. ஒரு துளி புகை இல்லை. எல்லோரும் பக்ருவின் புத்தியை மெச்சினார்கள். கண் எரியவில்லை, இருமல் இல்லை, சுவர்கூட வெள்ளையாகவே இருந்தது. பக்ருவுக்குத் தன் சாமர்த்தியத்தில் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

அந்த வீட்டு மருமகள் ரஃபத் ஜஹான், மேல்விஷாரத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, வயிறு திறக்கவில்லை. நல்ல பெண், வாய் அதிராதவள். ஆனால் அக்தரி பேகம் பொறுத்துப் பார்த்துவிட்டாள். வாணியம்பாடியில் தன் தங்கை வழியில் ஒரு பெண் இருக்கிறது, நயீமுக்கு இன்னொரு நிக்காஹ் செய்தால் தப்பில்லை என்று ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தாள். நயீம் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில் மண்டியில் வேலை ஜாஸ்தியாகிவிடும்.

இந்த நிலையில் ஒருநாள் காலை ரஃபத் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். தலை கனக்கிறது என்றாள், கண் இருட்டுகிறது என்றாள். மறுநாளும் அப்படியே. அவளுக்கு மாதக் குளியல் எப்போதும் முன்பின்னாகத்தான் வரும். இந்த முறை தள்ளியும் போயிருந்தது. அக்தரி பேகத்துக்கு அவ்வளவு போதும். கையெடுத்து துவா கேட்டாள். வாணியம்பாடிப் பேச்சு அன்றோடு நின்றது. மூன்று மாதம் நிறையும் முன் வெளியில் தெரிந்தால் கண்ணேறு படும் என்று மருத்துவச்சியைக்கூடக் கூப்பிடவில்லை.

"மழைல கிழைல போவாதே. ஈரக் காத்து படக்கூடாது. அடுப்புப் பக்கத்திலயே கதகதன்னு உக்காந்திரு. கதவ சாத்திக்கோ," என்று மருமகளுக்கு உத்தரவு போட்டாள். சமையலறைக் கதவின் கீழ் இடுக்கில் காற்று வருகிறது என்று ஒரு கோணியை மடித்து அடைத்தாள். அடுப்பு போதாதென்று ஒரு கரிச்சட்டி வேறு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஆசையோடு செய்ததுதான் எல்லாம். அந்தக் கிழவி மேல் கோபப்படவும் முடியவில்லை.

ரஃபத்துக்கு வாந்தி வந்தது ஊருக்குத் தெரியாவிட்டாலும் வீட்டுக்குத் தெரியும். பக்ருவுக்கும் வந்தது. அது யாருக்கும் தெரியாது.

முதல் நாள் அதைப் பித்தம் என்று நினைத்தாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாள். மறுநாள் அடுப்படியில் நிற்கும்போதே நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடித்தது. வாயில் தண்ணீர் ஊறியது. முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. கிணற்றடிக்கு ஓடி, வாளியை உருட்டிச் சத்தம் செய்துகொண்டு, அந்தச் சத்தத்துக்குள் வாந்தி எடுத்தாள். கொஞ்ச நேரம் வெளிக்காற்றில் நின்றதும் சரியாகிவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஒன்றும் நடக்காதவள்போல் உள்ளே போனாள்.

பயம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் காலையில் வாந்தி எடுக்கிறார்கள். ஒருத்தி புருஷனோடு வாழ்கிறவள், அவளுக்கு மசக்கை. இன்னொருத்தி புருஷன் செத்து வருஷங்கள் ஆனவள். அவளுக்கு என்ன? மண்டி ஆட்கள் தோல் கட்டை இறக்கப் பின்முற்றம் வரை வருகிற வீடு இது. தன் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும், அல்லாவுக்குத் தெரியும். ஆனால் பேசப்போகிறவர்கள் அல்லாவைக் கேட்டுவிட்டா பேசுவார்கள்? வியாதி என்று சொல்லவும் நா எழவில்லை. என்ன வியாதி என்று கேட்டால் ரஃபத்துக்கு இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

அதனால் வாயை மூடிக்கொண்டாள். முன்னைவிட ஜாஸ்தியாக ஓடினாள். உலை வைத்துவிட்டுக் கிணற்றடி, குழம்பைக் கூட்டிவிட்டுக் கொல்லை, கோழி, கொடி. ராத்திரியில் தூக்கம் வரவில்லை. யாராவது தன் முகத்தைக் கூர்ந்து பார்த்தால் எரிந்து விழுந்தாள். அக்காவை ஆபா என்று அழைக்கும் நயீமே, "ஆபாவுக்கு இப்போ இன்னா கோவம்?" என்று தாயிடம் கேட்கும்படி ஆயிற்று. அப்படி ஓடிக்கொண்டே இருந்ததால்தான் அவள் பிழைத்தாள் என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி. ரஃபத் பாவம், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நடுவில் மேல்விஷாரத்தில் ஒரு விசேஷம் என்று ரஃபத்தை அழைத்துக்கொண்டு போனார்கள். போன இடத்தில் அவள் சிரித்தாள், ஓடினாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள், வாந்தியே இல்லை. ரயிலில் திரும்பி வந்தாள். வந்த மறுநாள் காலை அடுப்படியில் உட்கார்ந்தவள், தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறந்த வூட்டுக்குப் போனா மசக்கைகூட மறந்துபோயிடும்போல," என்று அக்தரி பேகம் குத்தலாகச் சொன்னாள்.

பக்ருவுக்கு அது எங்கோ இடித்தது. ரஃபத் ஊரில் இல்லாதபோதும் இங்கே தனக்கு வாந்தி வந்துகொண்டுதான் இருந்தது. இடையில் ஒருநாள் கரி தீர்ந்துபோய்க் கொல்லைத் தாழ்வாரத்தில் கல் கூட்டி விறகில் சமைத்தாள். அன்று மட்டும் தலை லேசாக இருந்தது. மசக்கை அவளை ரயிலேற்றிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டதா என்று தனக்குள் கசப்பாகச் சிரித்தாள். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. விஷயத்தில் ஒரு பாதியை, ரஃபத்தின் வாந்தியைத்தான், வீடு பார்க்கிறது. மறுபாதி தன்னிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் யாருக்காவது ஏதாவது விளங்கும். சேர்த்து வைக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். மறுநாள் வந்தது, மறுபடி நாளைக்கு என்றாள்.

அன்று காலையிலிருந்து விடாத மழை. மத்தியானம் ரஃபத்துக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினார்கள். தலை காய வேண்டுமே. வழக்கம்போல் சமையலறையில் உட்கார வைத்து, கரிச்சட்டியை ரொப்பி, மேலே சாம்பிராணி தூவினாள் அக்தரி பேகம். அடுப்பிலும் கரி கனிந்துகொண்டிருந்தது. தோல் கட்டுகள் நனைகின்றன என்று மண்டி ஆட்கள் பின்முற்றத்துக்கு வந்ததால், கூந்தலை விரித்துப் போட்டிருந்த ரஃபத் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஆட்கள் கட்டுகளைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். கதவு திறக்கவில்லை. தலை காய்கிறது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பக்ரு காலையிலிருந்து மத்தியானம் வரை அடுப்படியில் நின்றவள். மழையால் வழக்கம்போல் ஓடவும் முடியவில்லை. தலை பிளந்துகொண்டிருந்தது. கிணற்றடித் தாழ்வாரத்துக்குப் போய்க் குனிந்தாள். இந்த முறை வாளியை உருட்டக்கூடத் தெம்பில்லை. குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தால், பின்வாசலில் அக்தரி பேகம் நின்றுகொண்டிருந்தாள். பாயை விட்டு எழாதவள், அன்றைக்கென்று எழுந்து வந்திருக்கிறாள்.

தாயின் முகம் சாம்பலாகிவிட்டது. மழையில் இறங்கி வந்து பக்ருவின் கையைப் பிடித்தாள்.

"எத்தினி நாளா?"

"இன்னா எத்தினி நாளா?"

"எங்கிட்டயே மறைக்காதே. வாந்தி எத்தினி நாளா?"

பக்ரு வாயைத் துடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே தாய்க்குப் பதிலாகிவிட்டது. அக்தரி பேகம் சுற்றுமுற்றும் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"யாருடீ?"

இத்தனை நாளும் கனவில் கேட்டுப் பயந்துகொண்டிருந்த வார்த்தை, பெற்றவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. பக்ருவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையை உதறினாள். தாய் விடவில்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"காலைல மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. தலை கனக்குது, வயித்த பொரட்டுது, கண்ணு இருட்டுது. அவளுக்கு இருக்கிற அதே இதுதானே உனக்கும் இருக்கு? நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு இருக்கிற அதே இது. பக்ரு தன் வாயால் சொல்லப் பயந்ததைத் தாய் சொல்லிவிட்டாள். காதில் விழுந்ததும் கோபம் எங்கோ போய்விட்டது. அதே இது. ஒரே தலைவலி, ஒரே வாந்தி, ஒரே அறை. வெளியில் வந்தால் இரண்டு பேருக்கும் சரியாகிறது. முன்கூடத்திலேயே இருக்கிற தாய்க்கு ஒன்றுமில்லை, மண்டிக்குப் போகிற நயீமுக்கு ஒன்றுமில்லை.

முனீர் உயிரோடிருந்தபோது, வாணியம்பாடியில் ஒரு மார்கழி மாதம், காளவாய் ஓரம் கதகதப்பாக இருக்கிறதென்று படுத்த வண்டிக்காரன் காலையில் எழவில்லை. முகம் செக்கச்செவேலென்று, தூங்குகிறவன் போலவே இருந்தான். புகையே இல்லையே, எப்படிச் செத்தான் என்று அவள் கேட்டபோது முனீர், "புகை இருந்திருந்தா எழுந்து ஓடியிருப்பானே. கரி அனல்ல வர்றது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது," என்று சொல்லியிருந்தார். காளவாய் வேறு, வீட்டு அடுப்பு வேறு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இரண்டிலும் எரிவது கரிதானே!

"கரிம்மா," என்றாள் பக்ரு. "யாருமில்ல. கரிதான். ரஃபத் எங்கே?"

"தலை காய வச்சிக்கினு..."

தாய் முடிப்பதற்குள் பக்ரு சமையலறைக் கதவில் மோதிக்கொண்டிருந்தாள். "ரஃபத்! ரஃபத்!" உள்ளேயிருந்து பதிலில்லை. பர்மா தேக்குக் கதவு. தோளால் இடித்ததில் அவள் தோள்தான் வலித்தது. கீழே இடுக்கில் இருந்த கோணியைப் பிடுங்கி எறிந்தாள். கையில் கிடைத்த குழவியால் அடித்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை. நயீம் மண்டியில், ஆள் போய் அழைத்து வர நேரமில்லை.

ஜன்னலை அடைத்த செங்கல் ஞாபகம் வந்தது. மழைக்குச் சற்று முன் வைத்த சுண்ணாம்புச் சாந்து, இந்த மழையில் இன்னும் ஈரம் ஆறியிருக்காது. முனீரின் பெண்டாட்டிக்கு அது தெரியும். வாசல் கதவைத் திறந்துகொண்டு சந்தில் ஓடினாள். தலையில் துணி இல்லை, புர்கா இல்லை, மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு இஷ்தியாக் அகமதுவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பாய்! கடப்பாரை! கடப்பாரை எடுத்துக்கினு வாங்க!"

சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த இஷ்தியாக் பாய் எச்சில் கையோடு வந்து நின்றார். அடுத்த வீட்டு விதவையைத் தலை திறந்த கோலத்தில் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாம்மா இது?"

"உள்ள ரஃபத் மயங்கிக் கெடக்கறா. கரி அனல்! செவுத்த ஒடைங்க, பாய். உங்களுக்காக அடைச்ச செவுருதான், நீங்களே ஒடைங்க!"

பருத்த மனிதர், நடந்தாலே மூச்சு வாங்கும். ஆனால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அன்று ஓடினார். சந்தில் நின்று, உள்ளே பெண்பிள்ளை எந்தக் கோலத்தில் இருக்கிறாளோ என்று முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே குத்தினார். முதல் குத்து பழைய சுவரில் விழுந்தது. "இப்படி! இன்னும் இப்படி!" என்று பக்ரு கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பின்னால் வந்த அக்தரி பேகம், "ஐயோ, பரபுருஷன் கையை..." என்று கத்தினாள்.

"நீ சும்மா இரும்மா!" என்றாள் பக்ரு.

செங்கற்கள் உள்ளே சரிந்தன. ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்ததும் பக்ரு வெளிக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். ரஃபத் கரிச்சட்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். அவளிடம் போகவில்லை, முதலில் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை எடுத்து அகலத் திறந்தாள். பிறகு வந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மூச்சு முட்டியது. சந்திலிருந்து வீட்டுக்குள் ஓடி வந்த தாயும் வாசற்படியில் சேர்ந்து பிடித்தாள். பின்முற்றத்தில், கொட்டுகிற மழையில், அண்ணாந்த முகமாகக் கிடத்தினார்கள்.

மூச்சு இருந்தது. மெதுவாக, நீளமாக. கன்னம் சிவந்திருந்ததைப் பார்த்து அக்தரி பேகம், "நல்ல கலையாத்தானே இருக்கா," என்றாள். அந்த வண்டிக்காரனின் முகமும் இப்படித்தான் சிவந்திருந்தது என்பது பக்ருவுக்குத்தான் தெரியும். கன்னத்தில் தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள், திட்டினாள், கெஞ்சினாள். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் என்று வாய்விட்டு அழுதாள். நெடுநேரம் போன பிறகு ரஃபத் முனகினாள், புரண்டு வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்து, "ஆபா, இன்னா மழை," என்றாள். பிறகு தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டாள்.

மறுநாள் நயீம் வேலூரிலிருந்து ஒரு பெண் டாக்டரை அழைத்து வந்தான். அந்த அம்மாள் ரஃபத்தைச் சோதித்துவிட்டுச் சமையலறையையும் போய்ப் பார்த்தார். மூடின அறையில் கரியோ விறகோ போதுமான காற்றில்லாமல் எரிந்தால் ஒரு விஷவாயு வரும், அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, அது ரத்தத்தில் ஏறி நல்ல காற்று ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார். ஒரே இடத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரே மாதிரி தலைவலியும் வாந்தியும் வந்து, வெளியில் வந்தால் தெளிகிறதென்றால் முதலில் அடுப்பைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பெண் எழுந்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார்.

"வயித்துல புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று அக்தரி பேகம் கேட்டாள்.

"புள்ளையே இல்லியேம்மா," என்றார் டாக்டர்.

அக்தரி பேகம் பாய்க்குத் திரும்பிப் போய்ச் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ரஃபத் போர்வைக்குள் அழுதாள். உயிர் தப்பியதற்காக அழுதாளா, இல்லாத பிள்ளைக்காக அழுதாளா என்று பக்ரு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து ஓட வேண்டும் என்று கால் துடித்தது. அன்று மட்டும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் நயீம் வந்ததும், தாய் காதிலும் விழ வேண்டும் என்றே பக்ரு உரக்கச் சொன்னாள்:

"தம்பி, கேட்டுக்கோ. அவ எத்தினி நாள் வாந்தி எடுத்தாளோ அத்தினி நாள் நானும் எடுத்தேன். என்னை இன்னா நெனப்பாங்களோன்னு பயந்து வாயத் தொறக்கல. தொறந்திருந்தா நேத்து அவ சாவு வரைக்கும் போயிருக்க மாட்டா. இனிமே இந்த வூட்ல யாரு இன்னா நெனச்சாலும் எனக்குக் கவலையில்ல."

நயீம் தலை குனிந்து நின்றான். அம்மா பக்கம் திரும்பி, "வாணியம்பாடிப் பேச்சு இனி வேணாம்," என்று மட்டும் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு இத்தனை நாள் பிடித்தது.

துளசிங்கம் மறுபடி வந்தான். அடைத்ததையே உடைத்துவிட்டு வேறு மாதிரி கேட்கிறார்களே என்று சிரித்தான். பக்ரு திரைக்குப் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல, அடுப்புக்கு நேர் மேலே மச்சை ஒட்டிச் சுவரில் ஒரு வழி வைத்தான். அனல் மேலே போவதால் வழியும் மேலே. யாரும் எட்டிப் பார்க்க முடியாத உயரம். வெளிப்பக்கம் மழை அடிக்காமல் சாய்வாக ஓடு பதித்தான். உள்ளிருந்து போனால் மட்டும் போதுமா, புதுக்காற்று உள்ளே வர வேண்டாமா என்று கதவின் அடியில் ஒரு சாண் அறுத்துக் கம்பி வலை அடித்தார்கள். ஜன்னலும் திரும்ப வந்தது. இஷ்தியாக் பாய் சொல்லாமல் கொள்ளாமல் தன் மாடி வராந்தாவுக்கு ஓலைத் தட்டி கட்டிவிட்டார். கரிச்சட்டியைப் பக்ரு கொல்லையில் போட்டு உடைத்தாள். அடுப்பில் விறகே எரிந்தது. கொஞ்சம் கண் கரித்தால் கதவைத் திறந்து வைத்தார்கள்.

தாயும் மகளும் நெடுநாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "யாருடீ" என்று கேட்ட வாய்க்கு அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. பக்ருவும் அதை எளிதில் மறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய்.

அடுத்த வருஷம் மழை முடிந்து பனி தொடங்கிய சமயம். விருந்துக்காரப் பெண்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். இஷ்தியாக் பாய் வீட்டார்கூட வந்திருந்தார்கள். சமையலறையிலிருந்து ரஃபத் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. போன வருஷத்துக் கதை தெரிந்த ஒருத்தி எழுந்து அடுப்படியைப் பார்க்கப் போனாள். ஜன்னல் திறந்திருக்கிறது, மேல் வழி திறந்திருக்கிறது, விறகு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தாள்.

அக்தரி பேகம் பாயிலிருந்து எழுந்து நின்றாள். விடியற்காலையிலிருந்து ரஃபத்தோடு அதே அடுப்பில் வெந்துகொண்டிருந்த பக்ரு கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றாள். கிழவி அத்தனை பெண்கள் நடுவில் அவளைப் பார்த்துக் கேட்டாள்:

"பக்ரு, உனக்கு? உனக்கு வாந்தி வருதா?"

பக்ரு தாயைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "எனக்கு ஒண்ணுமே இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்."

அக்தரி பேகம் இரண்டு கையையும் ஏந்தி அழத் தொடங்கினாள். கூடத்திலிருந்த பெண்கள் எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினார்கள்.